ஔதும்பரியைச் சுற்றிய துணி: ஒரு மீமாம்ச வழக்கு

சோமயாகத்தில் சதஸ் என்று ஒரு பந்தல் போடுவார்கள். அதன் நடுவில் அத்திக் கட்டையில் செய்த தூண் ஒன்று நிற்கும். யாகம் செய்விக்கும் எஜமானன் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம். அத்திக்கு வடமொழியில் உதும்பரம் என்று பெயர், அதனால் தூணுக்கு ஔதும்பரி. சாமம் பாடும் உத்காதா அதை ஒட்டி உட்கார்ந்து பாடுவார். இந்தத் தூணைப் பற்றி இரண்டு விதிகள் இருக்கின்றன. வேத வாக்கியம் சொல்வது: ஔதும்பரியைத் தொட்டுக்கொண்டு பாட வேண்டும். மனிதர் எழுதிய ஸ்மிருதி சொல்வது: ஔதும்பரி முழுவதையும் துணியால் சுற்ற வேண்டும்.

முழுவதும் சுற்றிவிட்டால் உத்காதாவின் கை படுவது துணியில், மரத்தில் அல்ல. அப்படியானால் எந்த விதியை விடுவது? வேத விதிகளுக்குப் பொருள் காணும் மரபு மீமாம்சை. அதன் மூல நூலான ஜைமினியின் மீமாம்ச சூத்திரத்தில் முதல் அத்தியாயத்தின் மூன்றாம் பாதம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. அதற்குச் சபரர் எழுதிய பாஷ்யம் ஒரு தீர்ப்பு சொல்கிறது. அந்தப் பாஷ்யத்துக்குப் பின்னால் விளக்கம் எழுதிய குமாரிலர் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை.

சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தத்துவ மாணவர்களுக்கு இந்த ஒரே வழக்கை இரண்டு பிற்பகல்கள் எடுத்தேன். பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கோரம் இது. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், மீதிப் பேருக்குத் தமிழும் மலையாளமும் வரும். வேதத்துக்கு ஆக்கியோன் இல்லை என்ற கொள்கையைத் தனியாக எடுத்துச் சொன்னால், அது வேதத்துக்குச் செய்யும் புகழுரை போலக் கேட்கிறது. மாணவர்கள் தலையாட்டுவார்கள், அல்லது எரிச்சலடைவார்கள். இந்தத் தூணின் வழியாக உள்ளே போனால், அந்தக் கொள்கை ஒரு வாதத்தில் எந்த இடத்தில் நின்று என்ன வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அதனால்தான் இதை எடுத்தேன்.

முதலில் ஸ்மிருதியை ஏன் கேட்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினோம். மீமாம்சகருக்குத் தர்மம் என்பது வேத விதியால் மட்டுமே தெரிய வருவது. கண்ணால் பார்த்தோ ஊகித்தோ அதை அறிய முடியாது. அப்படியிருக்க, மனிதர்கள் நினைவில் வைத்து எழுதிய ஸ்மிருதிகளுக்கு என்ன மதிப்பு? மதிப்பே இல்லை என்பதுதான் அந்தப் பாதத்தின் முதல் சூத்திரம், பின்னால் மறுப்பதற்காக, வைக்கும் பூர்வபட்சம். இரண்டாம் சூத்திரம் அதை மறுக்கிறது. வேதக் கருமங்களைச் செய்கிற அதே ஆட்கள்தான் ஸ்மிருதி சொல்வதையும் செய்துவருகிறார்கள். அவர்கள் இதற்கும் வேதத்தில் ஓர் ஆதாரம் வைத்திருந்திருக்க வேண்டும், அந்த வாக்கியம் இன்று நம் காதில் விழவில்லை, அவ்வளவே. ஆக ஸ்மிருதியின் பலம் கடன் வாங்கிய பலம். அதன் பின்னால் ஒரு வேத வாக்கியம் இருக்கிறது என்று ஊகிக்கிறோம், அந்த ஊகம் நிற்கும்வரை ஸ்மிருதியும் நிற்கும்.

சபரர் இங்கே ஓர் உதாரணம் சொல்கிறார், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்மிருதி தண்ணீர்ப் பந்தல் வைக்கச் சொல்கிறது, குளம் வெட்டச் சொல்கிறது. இவற்றின் பயன் கண்ணுக்கே தெரிகிறது, பிறருக்கு உதவி. இவற்றுக்காக மறைந்துபோன வேத வாக்கியத்தைத் தேடி மெனக்கெட வேண்டியதில்லை. ஒரு விதிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரிகிற காரணம் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத காரணத்தைத் தேடாதே. இந்த நியாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். இதே நியாயம் கொஞ்ச நேரத்தில் கத்தியாக மாறும்.

இப்போது தூணுக்கு வருவோம். மூன்றாம் சூத்திரம் சொல்வது: முரண் இருந்தால் ஸ்மிருதியைப் பொருட்படுத்த வேண்டாம், முரண் இல்லாதபோதுதான் ஊகம். தொட்டுக்கொண்டு பாடு என்ற வாக்கியம் நேரடியாகக் காதில் விழுகிறது. முழுவதும் சுற்று என்பதற்கு வேத வாக்கியம் இருக்கிறது என்பது ஊகம்தான். நெருப்பைத் தொட்டுச் சூடு தெரிந்தவன், நெருப்பும் ஒரு பொருள், பொருள்கள் குளிர்ந்திருக்கின்றன, ஆகவே நெருப்பும் குளிரும் என்று ஊகிக்கப் போக மாட்டான். நேரடி அறிவு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அதற்கு எதிரான ஊகம் எழுவதே இல்லை. வேத வாக்கியம் ஊகிக்கப்படவில்லை என்றால் ஸ்மிருதிக்குக் கடன் கொடுத்தவர் யாரும் இல்லை, அது விழுந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு மாணவர் கேட்ட கேள்வி நியாயமானது. "சார், ரெண்டுல ஏதோ ஒண்ணுன்னு வெச்சுக்கக் கூடாதா? நெல்லாலும் யாகம் பண்ணலாம், யவத்தாலும் பண்ணலாம்னு இருக்கில்ல?" உண்மைதான். இரண்டில் எதையும் தேர்ந்துகொள்ளலாம் என்பது விகல்பம், நெல்லும் யவமும் மீமாம்சையில் அதற்குப் புகழ்பெற்ற உதாரணம். ஆனால் அங்கே இரண்டு வாக்கியங்களும் வேதத்தில் நேரடியாகக் கேட்கின்றன, இரண்டுக்கும் சம பலம். சம பலம் உள்ள இரண்டு மோதும்போதுதான் விகல்பம். இங்கே ஒன்று கையில் இருக்கும் பணம், மற்றது வரும் என்று எதிர்பார்க்கும் பணம். இன்னொருவர், கைப்பிடி அளவு இடம் விட்டுச் சுற்றினால் பிரச்சினை தீர்ந்ததே என்றார். சிக்கல் 'முழுவதும்' என்ற ஒரு சொல்லில்தான் இருக்கிறது. அந்தச் சொல்லை இறுக்கமாகப் பிடித்தால் மோதல், கொஞ்சம் தளர்த்தினால் சமாதானம். அந்த மாணவருக்குத் தெரியாமலேயே அவர் குமாரிலர் பக்கம் போய் நின்றார், அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான்காம் சூத்திரம் மிகச் சின்னது: காரணம் தெரிகிறது என்பதாலும். சபரர் இதை விரிக்கும்போது துளியும் தயங்கவில்லை. துணிக்கு ஆசைப்பட்ட சிலர் ஔதும்பரியை முழுவதும் சுற்றினார்கள், அதுவே இந்த ஸ்மிருதியின் விதை என்கிறார். கூடவே இன்னும் இரண்டு விதிகளையும் இழுத்துப் போடுகிறார். சோமம் வாங்கிய எஜமானன் வீட்டில் உண்ணலாம் என்ற விதி பசித்தவர்கள் தொடங்கியது. 48 வருஷம் பிரம்மசரியம் காக்க வேண்டும் என்ற விதி, தங்கள் ஆண்மைக் குறைவை மறைக்க விரும்பியவர்கள் தொடங்கியது. மூன்றும் வேத வாக்கியங்களோடு மோதுபவை. பிள்ளை பிறந்து, தலைமயிர் கறுப்பாக இருக்கும்போதே அக்னியை நிறுவு என்று வேதம் சொல்கிறது, 48 வருஷம் படித்துக்கொண்டிருந்தால் அது எப்படி நடக்கும்?

வேதத்தை உயிராகக் கொண்ட ஒருவர், வேள்வி நடத்திய தம்முடைய முன்னோரைப் பற்றியே துணிக்கு ஆசைப்பட்டார்கள் என்று எழுதுகிறார். முதன்முறை படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நேர்மைக்காகவே சபரரைப் படிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்வேன்.

அதே சூத்திரத்துக்கு அவர் இரண்டாவதாக ஒரு பொருளும் தருகிறார். அதன்படி இது தனி வழக்கு. வைசர்ஜன ஹோமத்தில் பயன்படும் துணியை யாகச் செயல்களைச் செய்யும் அத்வர்யு எடுத்துக்கொள்வது என்று ஒரு வழக்கம் உண்டு. இது எந்த வேத வாக்கியத்தோடும் மோதவில்லை. ஆனாலும் லோபம், அதாவது பேராசை, பளிச்சென்று தெரிவதால் இதற்கும் பிரமாணம் இல்லை. முதல் பொருளில் ஆசை என்பது முரணுக்குத் துணைச் சாட்சி, இரண்டாவதில் ஆசை மட்டுமே போதும். இந்த வேறுபாட்டைத் தவறவிடுவதுதான் இந்த வழக்கைப் படிப்பவர்கள் அடிக்கடி செய்கிற பிழை. சபரர் பேராசையைக் காட்டித்தான் ஔதும்பரி ஸ்மிருதியைத் தள்ளினார் என்று எழுதிவிடுகிறார்கள். தள்ளியது முரண்தான். பேராசை, விதை எங்கிருந்து வந்தது என்று விளக்குகிறது.

தட்சிணையில் ஏன் கேட்கவில்லை?

முதல் நாள் முடியும் நேரத்தில் நான் ஒரு கேள்வியைப் போட்டேன். ஜ்யோதிஷ்டோமம் என்ற சோமயாகத்துக்குத் தட்சிணை 112 பசு என்று வேதம் சொல்கிறது. ஒரு துண்டுத் துணியைக் கண்டு லோபம் என்ற சபரர், 112 பசுவைக் கண்டு ஏன் வாயைத் திறக்கவில்லை?

இங்கேதான் ஆக்கியோன் இல்லை என்ற கொள்கை நிற்கிறது. லோபம் என்று சொல்ல லோபி ஒருவன் வேண்டும். ஸ்மிருதிக்குப் பின்னால் மனிதன் இருக்கிறான், அவனுக்கு ஆசை இருக்கலாம், மறதி இருக்கலாம், ஏமாற்றும் எண்ணம் இருக்கலாம். வேத வாக்கியத்துக்குப் பின்னால் யாருமே இல்லை என்றால் ஆசையை யார் தலையில் கட்டுவது? 112 பசு யாருக்குப் போகிறது என்பது தெரியும், ஆனால் வாங்குகிறவர் அந்த விதியைச் செய்தவர் அல்லர். வேதத்தையே ஏற்காத சார்வாகர் இதை ஒப்பவில்லை. அக்னிஹோத்திரம் முதலியவை பிழைப்புக்கு வழியில்லாதவர்கள் ஏற்படுத்திக்கொண்ட ஜீவனம் என்று சொன்னார்கள். கவனித்துப் பார்த்தால், சபரர் துணிக்கு வைத்த அதே சோதனையைத்தான் அவர்கள் தட்சிணைக்கு வைக்கிறார்கள். இரண்டு சோதனைகளுக்கும் நடுவில் இருக்கும் ஒரே அணை, வேதத்தைச் செய்தவர் இல்லை என்ற கூற்று. அணை உடைந்தால் தண்ணீர் முழுவதும் உள்ளே வந்துவிடும்.

ராவுத்தர் குடும்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி அடுத்த பிற்பகலை இப்படித் தொடங்கிவைத்தார். "சார், எங்க வேதத்தைச் சொன்னவன் இருக்கான். அவன் பொய் சொல்லமாட்டான், அதனால நம்பறோம். இங்க சொன்னவனே இல்லேங்கறாங்க. அப்ப யாரை நம்பறது?"

நான் பல வருஷமாகச் சொல்ல முயன்ற வேறுபாட்டை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். நியாய மரபைச் சேர்ந்த நையாயிகர் இந்த மாணவியின் பக்கம்: வேதத்தை ஈசுவரன் சொன்னான், அவன் நம்பத்தக்க ஆப்தன், ஆகவே அது உண்மை. மீமாம்சகர் ஈசுவரனையும் ஆக்கியோன் ஆக்க மறுக்கிறார். ஆக்கியோன் இல்லாதது என்ற பொருளில் அவர்கள் சொல்லும் அபௌருஷேயம் என்பதைக் 'கடவுள் தந்தது' என்று மொழிபெயர்த்தால் முழுத் தவறு. கடவுளும் தரவில்லை என்பதுதான் அதன் பொருள். அப்புறம் யாரை நம்புவது என்றால், யாரையும் நம்ப வேண்டிய தேவை இல்லை என்கிறார்கள்.

இது விசித்திரமாகக் கேட்கும். அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். கொழிஞ்சாம்பாறை பஸ் போய்விட்டது என்று யாரோ சொல்கிறார். அதைக் கேட்டவுடன் நமக்கு அறிவு பிறந்துவிடுகிறது, அடுத்த பஸ்ஸுக்கு மனம் தயாராகிவிடுகிறது. அவர் யார், நல்லவரா, கண்ணால் பார்த்தாரா என்று விசாரித்து முடித்தபிறகுதான் நம்புவோம் என்றில்லை. பிறந்த அறிவு தன் அளவிலேயே சரி. அதைக் கவிழ்க்க இரண்டு வழிகள்தான் உண்டு. அந்த பஸ்ஸே வளைவில் திரும்பி வருவதைப் பார்க்கிறோம், அது எதிரான அறிவு. அல்லது அவர் எப்போதும் விளையாட்டுக்குப் பொய் சொல்கிறவர் என்று தெரியவருகிறது, அது பிறப்பிடத்தில் இருக்கும் குறை. குமாரிலர் இதைத்தான் அறிவின் பிராமாண்யம், அதாவது அது செல்லுபடியாவது, தன்னாலேயே என்கிறார். நல்ல பேச்சாளன் சொல்லுக்கு உண்மையைச் சேர்ப்பதில்லை. கெட்ட பேச்சாளன்தான் சொல்லைக் கெடுக்கிறான்.

இதை வேதத்துக்கு வைத்துப் பாருங்கள். சொர்க்கம் வேண்டுபவன் யாகம் செய்க என்ற வாக்கியம் ஓர் அறிவைப் பிறப்பிக்கிறது. யாகத்துக்கும் சொர்க்கத்துக்கும் தொடர்பு இல்லை என்று கண்ணால் பார்த்து மறுக்க யாராலும் முடியாது, அதனால் எதிர் அறிவு என்ற வாசல் மூடியிருக்கிறது. பேச்சாளனின் குறை என்ற வாசல் மட்டும் மிச்சம். பேச்சாளனே இல்லையென்றால் அதுவும் மூடிவிடும். வேதம் உயர்ந்தது என்று இந்த வாதத்தில் எங்கும் சொல்லவில்லை. பொய் நுழையும் வழிகளை ஒவ்வொன்றாக எண்ணி அடைக்கும் வேலை இது.

செய்தவர் பெயர் நினைவில்லை

சரி, செய்தவர் இல்லை என்பது எப்படித் தெரியும்? எனக்கு இதுதான் முழு வாதத்திலும் மெலிந்த கண்ணி என்று தோன்றுகிறது. அதனால் இங்கே அதிக நேரம் நின்றோம்.

சபரர் சொல்லும் காரணம், செய்தவரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்பது. இதைச் சும்மா மறதி என்று எடுத்துக்கொண்டால் வாதம் சிரிப்புக்கிடமாகும். அவர் காட்டும் உதாரணத்தைப் பாருங்கள். இலக்கணத்தில் விருத்தி என்ற சொல் ஆ, ஐ, ஔ என்ற உயிர்களைக் குறிக்கும். அப்படிக் குறிக்கும் என்று ஏற்கிறவன் பாணினியை ஏற்றவன். யாப்பில் ம என்ற எழுத்து மூன்று குரு அசைகளைக் குறிக்கும், அதை ஏற்பவன் பிங்கலரை ஏற்றவன். ஓர் ஆள் ஏற்படுத்திய குறியீடு ஏற்படுத்தியவன் பெயரோடு சேர்ந்துதான் புழங்கும். செய்தவரை மறந்தால் வழக்கமும் நின்றுபோகும். வேத வாக்கியத்தை நம்பி ஒருவன் வாழ்நாள் சேமிப்பைச் செலவழித்து யாகம் செய்கிறான், பலன் கண்ணுக்குத் தெரியாது. இதை ஓர் ஆள் சொல்லியிருந்தால், யார் சொன்னது என்று அவன் கட்டாயம் கேட்டிருப்பான், அந்தப் பெயர் கட்டாயம் கைமாறி வந்திருக்கும். நினைவில் இருந்தே தீர வேண்டிய ஒன்று நினைவில் இல்லை. ஆகவே அது இல்லை.

வேதத்துக்குள்ளேயே மனிதப் பெயர்கள் இருக்கின்றனவே என்ற மறுப்பையும் ஜைமினி எடுத்துக்கொள்கிறார். வேதத்தின் ஒரு கிளைக்கு வழங்கும் காடகம் என்ற பெயர் கடர் செய்ததால் வந்ததல்ல, அவர் அதைச் சிறப்பாக ஓதியதால் வந்தது. பபரன் பிராவாஹணி ஆசைப்பட்டான் என்று ஒரு வாக்கியம் வருகிறது, அவன் பிறந்தபிறகுதானே அந்த வாக்கியம் பிறந்திருக்கும்? சபரர் பதில்: அது ஆளின் பெயரே அல்ல, பபர என்று ஒலித்துக்கொண்டு ஓடும் காற்று. இதைச் சொன்னபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அது தை மாதம். வாளையாறு கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வந்து, ஜன்னலுக்கு வெளியே இருந்த கரிம்பனை ஓலைகளை மணிக்கணக்காக அடித்துக்கொண்டிருந்தது. காற்றுக்கு ஒலியால் பெயர் வைக்கலாம் என்பதை எங்கள் ஊரில் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் இந்தப் பதில் எனக்கு வலிந்து சொன்னதாகவே படுகிறது. ஒரு பெயரை இப்படித் தட்டிவிடலாம், பெயர் வரும் இடமெல்லாம் இதையே செய்தால் உரைகாரரின் சாமர்த்தியம்தான் தெரியும்.

குமாரிலர் வேறொரு வழி தருகிறார். வேதம் ஓதும் ஒவ்வொரு ஓதலும் குருவின் ஓதலைத் தொடர்ந்தே வருகிறது, இன்றைய ஓதலைப் போல. ஆகவே ஓதாமல் புதிதாகச் சொன்ன முதல் ஆள் என்று யாரும் இல்லை. குறுந்தொகைப் பாட்டு ஒன்று பார்ப்பனனைப் பார்த்து உன் 'எழுதாக் கற்பு' என்று சொல்வது இந்த வாய்வழிச் சங்கிலியைத்தான். மணிமேகலையில் வஞ்சி நகரத்து வேதவாதி 'ஆதி அந்தம் இல்லை' என்று முடிப்பதும் இதையே. தமிழ் வாசகருக்கு இந்தக் கொள்கை அந்நியமானதல்ல. மலையாள மண்ணிலும் குன்னங்குளம் பக்கத்துப் பையூர் பட்டர்கள் தலைமுறை தலைமுறையாக மீமாம்சை நடத்தினார்கள், நாராயணீயம் பாடிய மேல்புத்தூர் நாராயண பட்டத்திரிதான் மானமேயோதயத்தின் முதல் பகுதியையும் எழுதினார்.

வகுப்பில் எழுந்த மறுப்பு ஒப்பாரியைப் பற்றியது. கொல்லங்கோட்டிலிருந்து வரும் மாணவி கேட்டார்: "எங்க அம்மாயி பாடற ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் யார் பாட்டுக் கட்டினாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதுவும் அபௌருஷேயமா?" மீமாம்சகர் சார்பில் நான் சொன்னது: தாலாட்டை யார் கட்டினாலும் குழந்தை தூங்கும். அதை நம்பி யாரும் சொத்தைச் செலவழிப்பதில்லை. யார் சொன்னது என்று கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் பெயர் மறந்துபோனது. மறக்கவே முடியாத இடத்தில் பெயர் இல்லாமல் இருப்பதுதான் சாட்சி. இது கெட்டிக்காரத்தனமான பதில் என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் அந்த மாணவி விடவில்லை. எங்கள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதும் செலவுதான், பலன் கண்ணுக்குத் தெரியாது, யார் தொடங்கியது என்றும் தெரியாது என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. செலவு பெரிது, பலன் கண்ணுக்குத் தெரியாதது, அப்படியும் பெயர் மறந்துபோயிற்று என்று ஒரே ஒரு வழக்கம் காட்டினால் போதும், நினைவில் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் ஆட்டம் காண்கிறது.

வெளியிலிருந்து வந்த மறுப்புகளில் பௌத்தரான தர்மகீர்த்தி வைத்ததுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. வேதத்துக்குச் சொன்னவன் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதன் பொருளையும் யாரும் சொல்லித் தரவில்லை. சொர்க்கம் வேண்டுபவன் அக்னிஹோத்திரம் செய்க என்ற வாக்கியத்துக்கு நாய்க்கறி தின்க என்று பொருள் இல்லை என்பதற்கு என்ன பிரமாணம்? அதன் கூர்மை இதில் இருக்கிறது: பேச்சாளனை எடுத்துவிட்டால் அவன் குறையோடு சேர்ந்து அவன் கருத்தும் போய்விடுகிறது. சொல்லில் குறை இல்லாமல் இருக்கலாம், பொருள் சொல்கிறவன் குறையுள்ள மனிதன்தானே? மீமாம்சகரின் பதில், உலகத்தில் வழங்கும் சொற்கள்தான் வேதத்திலும் வழங்குகின்றன என்பது. பசு என்றால் தெருவில் நிற்கும் அதே பசு. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு யாரும் ஏற்படுத்தியதல்ல, பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக் குழந்தை கற்றுக்கொள்வது. அதனால்தான் அவர்களுக்கு 12 அத்தியாயம் தேவைப்பட்டது. செய்தவரிடம் போய் 'முழுவதும்' என்றால் என்ன நினைத்தீர்கள் என்று கேட்க வழியில்லை. வாக்கியத்தையே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

குமாரிலரின் தயக்கம்

இனி அந்தக் கைப்பிடி இடத்துக்கு வருவோம். சபரரின் தீர்ப்பு குமாரிலருக்கு உறுத்துகிறது. தொட இடம் விட்டுச் சுற்றினால் மோதலே இல்லை என்பது அவர் பக்கத்து வாதங்களில் ஒன்று. ஒரு ஸ்மிருதியில் லோபம் என்று ஒப்புக்கொண்டால், அடுத்த ஸ்மிருதியில் ஏன் இல்லை என்று கேட்பவனை எப்படி நிறுத்துவது? அவர் தந்த்ரவார்த்திகத்தில் சொல்லும் வழி இது. ஸ்மிருதியின் வேர் அழிந்துபோகவில்லை, சிதறிக் கிடக்கிறது. சாகைகள் என்ற வேதக் கிளைகள் பல இடங்களில் பரவியிருப்பதாலும், மனிதர்களின் கவனக்குறைவாலும், வேதத்தின் வெவ்வேறு பிரகரணங்களில், அதாவது பகுதிகளில், இருப்பதாலும் அது கண்ணில் படவில்லை. சுற்றச் சொல்லும் வாக்கியத்துக்கும் வேறொரு சாகையில் நேரடி வேத ஆதாரம் உண்டு என்பது அவர் கட்சி. அப்படியானால் இரண்டும் வேதம், நெல்லும் யவமும் போல ஆகிவிடும். அந்த வேர் தெரியும்வரை, கையில் இருக்கும் சுருதியை, அதாவது நேரடி வேத வாக்கியத்தை, பின்பற்றுவது நல்லது என்று சூத்திரத்தை மென்மையாக்குகிறார்.

சிதறல் என்பது வெறும் சாக்கு என்று நினைக்க வேண்டாம். இங்கிருந்து ஷொர்ணூர்ப் பக்கம் போனால் பாஞ்ஞாள் கிராமம். 1975இல் அங்கே அக்னிசயனம் என்ற பெரிய வேள்வி நடந்தது. அந்த ஊர் நம்பூதிரிகள் சாமவேதத்தில் ஜைமினீய சாகையைச் சேர்ந்தவர்கள், அந்தச் சாகையை ஓதுகிறவர்கள் மிகக் குறைவு. அதன் பிராமண நூல் முழுமையாக அச்சில் வந்தது 1954இல்தான். அதுவரை வேறு சாகைப் பண்டிதர் ஒருவர் இது வேதத்தில் இல்லை என்று சொல்லியிருந்தால், அவர் சொன்னது 'நான் படித்ததில் இல்லை' என்ற அளவுக்குத்தான் சரி. இந்த அளவில் குமாரிலரின் எச்சரிக்கை எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. எந்த வழக்கத்துக்கும் எங்கோ ஒரு சாகையில் வாக்கியம் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனால், துணிக்கு ஆசைப்பட்டவனை ஒருநாளும் பிடிக்க முடியாது. சபரரின் சோதனைக்குப் பல் இல்லாமல் போய்விடும். நான் சபரர் பக்கம் நிற்கிறேன், வகுப்பிலும் அதை மறைக்கவில்லை.

கடைசியில் கல்பாத்தி அக்ரஹாரத்திலிருந்து வரும் மாணவி தன் வீட்டு வழக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். விசேஷங்களில் கலசத்துக்குப் புது வேஷ்டி சுற்ற வேண்டும் என்று வாத்தியார் சொல்வார். எல்லாம் முடிந்ததும் அந்த வேஷ்டி அவருக்குப் போகும். இது ஔதும்பரியா, வைசர்ஜனத் துணியா?

அதை எல்லோருமாகப் பிரித்துப் பார்த்தோம். கலசத்தைச் சுற்றாதே என்றோ, தொட்டுக்கொண்டிரு என்றோ எதிராக நிற்கும் வேத வாக்கியம் எதுவும் எங்கள் முன் இல்லை. ஆகவே மூன்றாம் சூத்திரம் இங்கே வராது, இது ஔதும்பரி அல்ல. நான்காம் சூத்திரத்தின் இரண்டாம் பொருள்தான் பொருந்தும்: முரண் இல்லை, ஆனால் துணி யாருக்குப் போகிறது என்பது தெரிகிறது. சபரர் வழியில் பிரமாணம் இல்லை. குமாரிலர் வழியில், சுற்றுகிறவர்கள் வேதக் கருமம் செய்கிறவர்கள், வேர் எங்கோ இருக்கலாம், அவசரப்பட வேண்டாம்.

அந்த மாணவி அடுத்த வாரம் வாத்தியாரிடமே கேட்டுவிட்டு வந்தார். அவர் கோபித்துக்கொள்ளவில்லையாம். "எங்கப்பா சுத்தினார், நானும் சுத்தறேன். வேஷ்டியை நீங்களே வெச்சுண்டாலும் சுத்துவேன்" என்று சொன்னாராம். அப்படியானால் லோபம் இல்லை, வழக்கு தீர்ந்தது என்று சிலர் சொன்னார்கள். நான் சபரரின் சொல்லை மறுபடி எடுத்துக் காட்டினேன். அவர் தேடுவது விதையை. இன்றைக்குச் சுற்றுகிறவர் மனம் சுத்தமாக இருப்பது அவருக்குப் பெருமை, வழக்குக்கு அது சாட்சி ஆகாது. கேள்வி முதலில் சுற்றியவரைப் பற்றியது, அவர் யார் என்று வாத்தியாருக்கும் தெரியவில்லை, அவர் அப்பாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.